தழும்பில்லாமல் ஒரு தாமரை

எம்பிராய்டரி ஃபிரேமின் திருகை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்குத் துணி விறைப்பாக நிற்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கும்பகோணத்தில் நூல் கடை வாசலில் நின்றால் வாரத்துக்கு ஒருவராவது, "இந்த ஃபிரேம் இறுகவே மாட்டேன் என்கிறது, வேறு கொடுங்கள்" என்று திருப்பிக் கொண்டுவருவதைப் பார்க்கலாம். கடைக்காரரும் அலுத்துக்கொள்ளாமல் இன்னொன்றை எடுத்துப் போடுவார். அதுவும் இறுகாது. அடுத்து வீட்டில் இருக்கும் கொறடு வெளியே வரும். கொறடால் திருகைத் திருகினால் துணி நிற்கத்தான் செய்யும். வேலை முடிந்து கழற்றும்போது பட்டில் வட்டமாக ஒரு தழும்பும் நிற்கும்.

துணியை விறைப்பாக நிறுத்துவது பிடிப்பு. தழும்பை உண்டாக்குவது அழுத்தம். இரண்டும் ஒன்றல்ல. அழுத்தத்தைக் கூட்டினால் பிடிப்பும் கூடும் என்பது உண்மைதான், ஆனால் பிடிப்பைக் கூட்ட அது ஒன்றுதான் வழி என்பதில்லை. வழுவழுவென்று தேய்த்த மரத்துக்கும் வழுவழுப்பான பட்டுக்கும் இடையே உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் அவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் உராய்வைக் கூட்டிவிட்டால், பாதி அழுத்தத்திலேயே துணி நகராமல் நிற்கும். மெல்லிய துணியை ஃபிரேமில் பிடிப்பது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்ததுதான்.

முதலில் ஃபிரேமையே சோதித்துவிட வேண்டும். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது மூங்கில் ஃபிரேம். மூங்கில் பட்டையை வளைத்து ஒட்டிச் செய்வதால் அது அச்சாக வட்டமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இளைத்தும் இருக்கும். துணி இல்லாமல் இரண்டு வளையங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டித் திருகை லேசாக முடுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சில இடங்களில் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால், செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கீற்றுகளாகக் கிழித்து, சுற்றிலும் எட்டு இடங்களில் வளையங்களுக்கு நடுவே கொடுத்து இறுக்கிவிட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கலாம். சில கீற்றுகள் கிழிந்தாலும் கிழியுமே தவிர வராது. சில எந்தத் தடையும் இல்லாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். கிழியும் இடங்களில்தான் தழும்பு விழப்போகிறது. உருவிக்கொண்டு வரும் இடங்களில்தான் துணி தளரப்போகிறது. ஒரே ஃபிரேமில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை.

அப்படித் தளரும் இடம் பெரும்பாலும் திருகுக்கு அடியில் இருக்கும். வெளி வளையம் அந்த இடத்தில் வெட்டுப்பட்டு இடைவெளியோடுதான் இருக்கிறது. துணியை அழுத்த அங்கே மரமே இல்லை. விலை கொடுத்து வாங்கும் நல்ல மர ஃபிரேமிலும் இந்த இடைவெளி உண்டு.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வைத்தியம், உள் வளையத்துக்குத் துணி சுற்றுவது. கடையில் அரை அங்குலப் பருத்தி நாடா கிடைக்கும். நான் நாடாவைவிடப் பழைய வேட்டியை விரும்புகிறேன். பல வருடம் துவைத்து நைந்த வேட்டியில் கஞ்சியும் இருக்காது, இனிமேல் சுருங்கவும் ஒன்றும் இருக்காது. கரையை ஒதுக்கிவிட்டு, நீளவாட்டில் முக்கால் அங்குல அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழித்தால் இழை பிடித்து நேராக வரும். நிறம் கட்டாயம் வெள்ளையாக இருக்க வேண்டும். சாயத் துணியைச் சுற்றினால், கைவியர்வை பட்ட ஒரு மத்தியானத்தில் அந்தச் சாயம் பட்டுக்குப் போய்விடும்.

ஆறு அங்குல ஃபிரேமுக்கு இரண்டரை மீட்டர் நீளம் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு முனையை உள் வளையத்தின் உட்புறத்தில் வைத்து, சாய்வாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பலன் இல்லை. ஒரு சுற்று தளர்வாகவும் அடுத்தது இறுக்கமாகவும் போனால், மூங்கிலின் மேடுபள்ளத்தோடு நம்முடைய மேடுபள்ளமும் சேர்ந்துகொள்ளும். நாடாவை இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, வலது கை ஒரே அளவு இழுவையோடு சுற்றி வர வேண்டும். முழு வட்டமும் முடிந்ததும் முனையை உட்புறத்திலேயே மடித்து, நாலைந்து தையல் போட்டு நிறுத்துங்கள். கோந்து வேண்டாம், அது வெயிலில் இளகிப் பட்டில் ஒட்டும். தையலும் உட்புறத்தில்தான் இருக்க வேண்டும், துணி உட்காரும் வெளிப்பக்கத்தில் ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது. ஒரு முடிச்சு இருந்தாலும் அது பட்டில் புள்ளியாகப் பதிந்துவிடும்.

சுற்றி முடித்தபின் அந்தப் பேப்பர் சோதனையை மறுபடி செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும். எட்டு இடத்திலும் கீற்று ஒரே மாதிரி தயங்கித் தயங்கி வரும். நைந்த பருத்தி தடித்த இடத்தில் அமுங்கிக்கொடுக்கிறது, இளைத்த இடத்தை நிரப்பிவிடுகிறது. உராய்வு கூடியதோடு அழுத்தமும் சுற்றிலும் சமமாகப் பங்கிடப்பட்டுவிட்டது. வெளி வளையத்துக்கும் சுற்றலாமா என்று கேட்பார்கள். பருத்தித் துணிக்கு அவசியமில்லை. பட்டுக்குச் சுற்றலாம், ஆனால் திருகு கட்டாயம் நீளமாக இருக்க வேண்டும். குட்டைத் திருகு இரண்டு சுற்றின் தடிமனைத் தாங்காது.

திருகு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் இங்கே வரும் ஃபிரேம்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது முலாம் பூசிய இரும்புத் திருகுதான். ஒரு மழைக்காலம் போனால் துருப்பிடித்துவிடும். வேலை செய்யும்போது தொங்கும் துணி திருகின்மேல் போய் விழாமல் சுருட்டி ஊசி குத்தி வைத்துக்கொள்வது நல்லது. மடிப்புத் தழும்பாவது போகும், துருக்கறை பட்டை விட்டுப் போகாது.

அடுத்தது துணியை இழுக்கும் விதம். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கட்டம் போட்ட துணியில் காட்டிவிடலாம். மயிலாடுதுறைப் பக்கம் கூறைநாட்டில் நெய்யும் கூறைப் புடவையில் பட்டும் பருத்தியும் கலந்து சின்னக் கட்டங்கள் இருக்கும். அதை ஃபிரேமில் போட்டால் நம் கைக் கோளாறு அத்தனையும் கட்டத்தில் தெரிந்துவிடும். கல்யாணக் கூறையை யாரும் பழகக் கொடுக்க மாட்டார்கள் என்பதால், என்னிடம் தையல் கற்க வருகிறவர்களுக்கு நான் கட்டம் போட்ட லுங்கித் துண்டைத்தான் கொடுப்பேன். சரியாகப் பிடித்திருந்தால் கட்டங்கள் சதுரமாக, கோடுகள் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுத்திருந்தால் கோடு வில்லாக வளையும். மூலைவாட்டில் இழுத்திருந்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

எல்லாரும் செய்யும் தவறு இந்த மூலைவாட்டு இழுப்புதான். துணி பாவு நூல் போகும் திசையிலும் ஊடை நூல் போகும் திசையிலும் அதிகம் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் தாராளமாக நீளும். கைக்கு அது சுகமாகவும் இருக்கும், "அட, எவ்வளவு இறுக்கமாக வருகிறது" என்று தோன்றும். அங்கே நீண்டது நூலல்ல. நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நகர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அப்படி நகர்ந்த நிலையில் பூ வேலை செய்து முடித்துக் கழற்றினால், நூல்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், தையல் விடாது. பூவைச் சுற்றித் துணி சுருங்கிப்போகும். எந்த இஸ்திரியாலும் நேராகாத சுருக்கம் அது.

நான் செய்யும் முறை இதுதான். உள் வளையத்தை மேஜைமேல் வைத்து, துணியைப் பாவு நமக்கு நேராகவும் ஊடை குறுக்காகவும் போகும்படி அதன்மேல் விரிக்க வேண்டும். வெளி வளையத்தின் திருகைத் தளர்த்தி, இரண்டு கையாலும் சுற்றிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் இறங்கும் அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறக்கி மறுபக்கத்தைத் தள்ளினால் துணி அப்போதே ஒரு பக்கமாக இழுபட்டுவிடும். வலது கைக்காரர்கள் திருகைக் கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டால் நூல் அதில் மாட்டாது. இடது கைக்காரர்களுக்கு இரண்டு மணி. வளையம் இறங்கியதும் திருகைப் பாதி மட்டும் முடுக்கிவிட்டு, பன்னிரண்டு மணியில் துணியை மெல்ல இழுத்து, உடனே ஆறு மணியில் இழுக்க வேண்டும். பிறகு மூன்று, ஒன்பது. இழுப்பது எப்போதும் நூல் போகும் திசையில்தான், மேஜையோடு ஒட்டினாற்போல், மேல்நோக்கி அல்ல. இரண்டு முறை சுற்றி வந்தாலே போதும். திருகை மிச்சம் முடுக்குவது எல்லாம் முடிந்த பிறகுதான், அதுவும் விரலால் மட்டும். முழுக்க முடுக்கிய பிறகு துணியைப் பிடித்து இழுத்தால் வளையத்தின் விளிம்பில் பட்டு உராய்ந்து மெல்லிய இழைகள் பிரிந்துபோகும்.

மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் ஓரிடத்தில் தட்டிப் பார்த்து நிறுத்துவதில்லை, விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வருவார். துணியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நடுவில் தட்டினால் எல்லாத் துணியும் 'டப்' என்றுதான் சொல்லும். வளையத்தின் ஓரமாக நாலைந்து இடத்தில் விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள். எங்கே ஒலி மந்தமாக இருக்கிறதோ அங்கே துணி தளர்ந்திருக்கிறது.

எவ்வளவு விறைப்பு தேவை என்பது தையலைப் பொறுத்தது. சாட்டின் தையல்போல் நூலைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி இடத்தை நிரப்பும் வேலைக்கு நல்ல விறைப்பு வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு இழையும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். ஊசியை உள்ளே விட்டு மேலே எடுத்து ஒரே அசைவில் போடும் காம்புத் தையலுக்கும் சங்கிலித் தையலுக்கும் துணி கொஞ்சம் இளக்கமாக இருப்பதுதான் வசதி. பல சமயம் அவற்றுக்கு ஃபிரேமே தேவைப்படாது. இந்தச் சின்ன விஷயம் பின்னால் எனக்கு உதவியது.

சென்ற தை மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பெண் திருபுவனம் பட்டில் அரக்கு நிறப் புடவை எடுத்திருந்தாள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் இருக்கும் அந்த ஊர்ப் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புடவையோடு வந்த பிளவுஸ் துணியின் கை ஓரத்தில் இரண்டரை அங்குலச் சரிகைக் கரை. அதற்கு மேலே, கரையை ஒட்டினாற்போல் ஒரு தாமரை வேண்டும் என்றாள். நாலரை அங்குல அகலம், நாலரை அங்குல உயரம், முழுக்கச் சாட்டின் தையல்.

"கரைக்கும் தாமரைக்கும் நடுவில் அரை அங்குலம்தான் இருக்க வேண்டும் அத்தை. இடம் விட்டால் பூ தனியாகத் தொங்குவதுபோல் இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னது அழகுக்குச் சரி, ஃபிரேமுக்குச் சரிப்படாது. ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். எட்டு அங்குல ஃபிரேமின் நடுவில் தாமரையை வைத்தால், நடுவிலிருந்து பூவின் அடி இரண்டேகால் அங்குலத்தில் இருக்கும். ஃபிரேமின் உள் விளிம்பு நான்கு அங்குலத்தில். இரண்டு வளையங்களின் கனமும் சேர்ந்து இன்னும் ஏறத்தாழ அரை அங்குலம். அப்படியானால் பூவின் அடியிலிருந்து இரண்டேகால் அங்குலம் வரை ஃபிரேமின் ஆட்சிதான். பூவுக்கு அரை அங்குலம் கீழே கரை என்றால், வளையம் போய் உட்காருவது நட்டநடுச் சரிகைமேல்.

"சரிகையில் உட்கார்ந்தால் என்ன? பட்டில் உட்காருவதுபோல்தானே?" என்றாள்.

அப்படியல்ல. சரிகை என்பது முழுக்க உலோகக் கம்பி இல்லை. நல்ல சரிகையில் நடுவே சிவப்புச் சாயம் தோய்த்த பட்டு நூல் இருக்கும். தட்டையாக்கிய மெல்லிய வெள்ளி இழையை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். பட்டு நூலை அழுத்தி மடித்தால் ஈரமும் சூடும் பட்டதும் பெரும்பாலும் நிமிர்ந்துகொள்ளும். மேலே சுற்றியிருக்கும் வெள்ளி இழை உலோகம். ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான். வளையத்தின் விளிம்பில் அது அழுந்தும்போது சுற்றுகள் விலகி, நடுவில் இருக்கும் சிவப்பு நூல் வெளியே தெரியும். பழைய பட்டுப்புடவைகளின் மடிப்பு ஓரத்தில் சரிகை சிவந்து தெரிவது இதனால்தான். வருடக்கணக்கில் மடிப்பு செய்யும் வேலையை ஃபிரேம் ஒரு மத்தியானத்தில் செய்துவிடும். அதனால் சரிகைமேல் வளையம் உட்காரக் கூடாது. நாடா சுற்றினாலும், மேலே மெத்தென்று எதைப் போட்டாலும் இதில் மாற்றமில்லை.

ஆறு அங்குல ஃபிரேமுக்கு வந்தோம். நடுவிலிருந்து உள் விளிம்பு மூன்று அங்குலம், மர கனத்தோடு மூன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். பூவின் அடியைக் கழித்தால் ஒன்றேகால் அங்குலம். கை ஆட்டத்துக்குக் கால் அங்குலம் சேர்த்து, தாமரையைக் கரைக்கு ஒன்றரை அங்குலம் மேலே நிறுத்துவது என்று முடிவாயிற்று. பூவைச் சுற்றி ஃபிரேமுக்குள் முக்கால் அங்குலம்தான் மிச்சம் இருக்கும். கை கொஞ்சம் இடறும், ஆனால் சிறிய ஃபிரேமில் விறைப்பு நன்றாக நிற்கும். ஃபிரேம் பெரிதாகப் பெரிதாக நடுவில் துணி தொய்வதைத் தடுப்பது கஷ்டம். கையில் பிடித்துச் செய்யும் வேலைக்கு எட்டு அங்குலத்துக்கு மேல் நான் போவதில்லை.

கீழே விட்ட அந்த ஒன்றரை அங்குலத்தில் என்ன செய்வது என்பதுதான் அவள் கவலை. அங்கே ஃபிரேம் இல்லாமல் போடக்கூடியதை மட்டும் போடலாம் என்றேன். காம்புத் தையலில் அலை அலையாக இரண்டு கொடி, நடுநடுவே சின்ன முடிச்சுகள். குளத்துத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அரை அங்குல இடைவெளியைவிட அது நன்றாக இருந்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேல் பாதியில் வளையம் பட்டுமேல் உட்காருவதைத் தவிர்க்க முடியாது. கையை வெட்டித் தைத்த பிறகும் அந்த இடம் வெளியே தெரியும். அங்கேதான் அடுக்கு தேவைப்பட்டது. பட்டு பிளவுஸுக்கு எப்படியும் பருத்தி லைனிங் கொடுக்கத்தான் போகிறோம். அந்த லைனிங்கை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு எடுத்தேன். ஊறவைக்காத லைனிங் பின்னால் சுருங்கினால் பட்டையும் சேர்த்து இழுத்துவிடும். அதைப் பட்டுக்கு அடியில் பாவுக்குப் பாவு, ஊடைக்கு ஊடை பொருந்தும்படி வைத்து, பத்தாம் நம்பர் ஊசியில் மெல்லிய நூல் கோத்து ஓட்டுத்தையல் போட்டு இணைத்தேன். ஊசி நம்பர் கூடக்கூட ஊசி மெலிதாகும்; பட்டில் தடித்த ஊசி குத்திய துளை மூடுவதில்லை. ஓட்டுத்தையல் வெட்டுக்கோட்டுக்கு வெளியே ஒரு சுற்றும், பூ வரப்போகும் இடத்தின் நடுவில் சிலுவைபோல் இரண்டு கோடும் போதும். அந்தச் சிலுவைக் கோடுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அவற்றை இழையோடு ஒட்டிப் போட்டுவிட்டால், ஒரே நிறப் பட்டிலும் கூறைக் கட்டம்போல் வளைவு தெரியும்.

மேலே போட மல் துணி. கஞ்சியில்லாத மெல்லிய வெள்ளை மல்லில், பூவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஐந்து அங்குல வட்டம் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை பூவின்மேல் வரும்படி பட்டுமேல் விரித்தேன். சிலர் ஃபிரேமில் போட்ட பிறகு மல்லை வெட்டச் சொல்வார்கள். பட்டுக்கு அரை நூல் மேலே கத்தரி ஓட்டும் தைரியம் எனக்கில்லை, யாருக்கும் தேவையும் இல்லை. கீழிருந்து பார்த்தால் இப்போது நாடா சுற்றிய உள் வளையம், லைனிங், பட்டு, மல், அதற்குமேல் வெளி வளையம். பட்டு மரத்தை எங்கேயும் தொடவில்லை. மல்லுக்கு வெளிப்பக்கமும் பட்டை மூடும் அளவுக்கு அகலம் விட்டிருந்ததால், கையில் பிடிக்கும் இடத்தில் வியர்வையும் அழுக்கும் மல்லோடு நின்றுவிட்டன. தழும்பு என்று கொண்டுவந்து காட்டப்படுவதில் பாதி உண்மையில் இந்த அழுக்கு வட்டம்தான்.

நாலு அடுக்கு என்பதால் வெளி வளையம் சுலபமாக இறங்காது. அப்போது திருகை இன்னும் தளர்த்த வேண்டுமே தவிர, வளையத்தை முழங்கையால் அமுக்கக் கூடாது. அடுக்குகள் ஒன்றுக்கொன்று நழுவாமல் இருக்கிறதா என்று சிலுவைக் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே மல் விறைப்பாக இருக்கும், அடியில் பட்டு தொய்ந்திருக்கும், கை ஏமாறும். இழுக்கும்போது மூன்று துணியையும் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும்.

எழுந்திருக்கும்போதெல்லாம் ஃபிரேமைக் கழற்றிவிட வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வருவதற்கு வேண்டாம், சமைக்கப் போவதாக இருந்தால் கட்டாயம் கழற்றுங்கள். இரவு ஃபிரேமோடு விட்டுவைப்பது கூடவே கூடாது. டெல்டாவில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. சாதாரணக் காற்றிலேயே பட்டு தன் உலர்ந்த எடையில் 11 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்திருக்கும், பருத்தி 8.5 சதவீதம். ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் நிறைந்து சுவரெல்லாம் ஓதம் பூத்திருக்கும்போது அது இன்னும் ஏறும். ஈரம் ஏறிய இழை இளகிக் கொடுக்கும், அதனால் காலையில் பிடித்த விறைப்பு மத்தியானத்துக்குள் தளர்ந்துவிடும். அதே ஈரம் இறங்கும்போது இழை அப்போது எந்த வளைவில் இருக்கிறதோ அதே வளைவில் படிந்துவிடும். நாம் இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிப்பதும் இதே காரணத்துக்குத்தான். இரவு முழுக்க வளையத்தில் கிடக்கும் பட்டுக்கு, நம் ஊர்க் காற்றே இஸ்திரி போட்டுவிடுகிறது. மறுநாள் மாட்டும்போது வளையத்தைச் சரியாகப் பழைய தடத்திலேயே உட்கார வைக்காமல், பக்கவாட்டில் ஒரு நெல்மணி அளவு தள்ளி வைப்பேன்.

இவ்வளவு செய்தும் தாமரை முடிந்த அன்று பட்டில் லேசான வட்டம் தெரியத்தான் செய்தது. அதைத் தட்டையாக ஒரு வெள்ளைத் துணிமேல் விரித்து விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துத் தேடினால்தான் கண்ணில் பட்டது. கல்யாணத்துக்குள் அதுவும் போய்விட்டது.

போகாத தழும்போடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இஸ்திரி போட்டுவிட்டீர்களா?" என்றுதான். ஏனென்றால் தழும்பில் வகை இருக்கிறது, வகை தெரியாமல் சூடு காட்டினால் சரியாவதற்கு இருந்ததும் நிலைத்துவிடும். துணியை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் பள்ளமாகத் தெரிந்து, நேராகப் பிடித்தால் மறைந்தால் அது வெறும் மடிப்பு. நேர் வெளிச்சத்திலும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது அழுக்கு. முதலில் சுத்தம் செய்ய வேண்டும், சூடு பட்டால் அது இழையோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் திருப்பினாலும் பளபளவென்று தெரிந்தால் இழை நசுங்கிவிட்டது, அதற்கு முழு வைத்தியம் இல்லை. இழைகள் விலகி நடுவில் சந்து தெரிந்தால் நகத்தின் பின்பக்கத்தால் குறுக்கே மெல்லத் தடவித் தடவி அவற்றை இடத்துக்குக் கொண்டுவரலாம்.

மடிப்புக்கு மட்டும்தான் ஆவி. கெட்டியான துண்டை விரித்து, பூ அடியில் போகும்படி துணியைக் கவிழ்த்துப் போட்டு, நீராவி இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் வைக்காமல் இரண்டு அங்குலம் உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் விட வேண்டும். பிறகு விரலால் தட்டிக்கொடுத்து, ஈரம் முழுக்கப் போகும்வரை அசைக்காமல் விட்டுவிட வேண்டும். பட்டில் தண்ணீரைத் தெளிக்கக் கூடாது; சொட்டு விழுந்த இடம் காய்ந்ததும் விளிம்பு கட்டிக் கறையாக நிற்கும். பெட்டியிலிருந்து ஆவியோடு சொட்டு விழுகிறதா என்று வேறு துணியில் பார்த்துவிட்டு, பட்டிலும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே ஓரிடத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வெல்வெட்டுக்கு நான் சொன்ன அடுக்கு எதுவும் போதாது. அதில் நிமிர்ந்து நிற்கும் பூ மயிர் படுத்துவிட்டால் முழுக்க எழுவதில்லை. ஆர்கன்சாவிலும் வளையம் பட்ட இடம் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடும். இவை இரண்டையும் வளையத்துக்குள் நெரிக்காமல், ஆரி வேலைக்காரர்கள் 'காட்' என்னும் பெரிய மரச்சட்டத்தில் செய்வதுபோல் செய்யலாம். தச்சரிடம் சொல்லி நாலு சட்டம் சேர்த்து ஒரு செவ்வக ஃபிரேம் வாங்கி, அதில் பருத்தித் துணியை நாலு பக்கமும் நூல் கோத்து இழுத்துக் கட்டி, அதன்மேல் வெல்வெட்டையோ ஆர்கன்சாவையோ ஓரத்தில் மட்டும் தைத்துவிட வேண்டும். இழுவையைப் பருத்தி தாங்கிக்கொள்ளும். பூ முடிந்ததும் ஓரத் தையலைப் பிரித்து, பின்பக்கம் பூவைச் சுற்றி மிச்சமிருக்கும் பருத்தியைக் கத்தரித்துவிடலாம். தச்சர் பழைய சன்னல் சட்டத்தில் செய்துகொடுத்தாலும் போதும், மூலை மட்டும் ஆடாமல் இருக்க வேண்டும்.